நெரிசலான பார்க்கிங்கில் கார் அலாரம் காரணமின்றி அலறுகிறதா? அறிகுறியை வைத்துத் தவறைப் பிடிக்கும் வழி

அலாரம் தேவையில்லாமல் கத்தத் தொடங்கினால், பலரும் எல்லாச் சென்சார்களின் உணர்திறனையும் ஒரே மூச்சில் குறைத்துவிடுகிறார்கள். சத்தம் நிற்கும். ஆனால் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டாலும் அலாரம் வாய் திறக்காது. காரில் மூன்று விதமான சென்சார்கள் இருக்கலாம். உடலில் விழும் அடியை அதிர்வு சென்சார் கேட்கிறது, கார் நிற்கும் கோணத்தைச் சாய்வு சென்சார் பார்க்கிறது, உள்ளே ஏதாவது அசைகிறதா என்பதை உள் அசைவு சென்சார் கவனிக்கிறது. ஒவ்வொன்றும் ஏமாறும் விதம் வேறு. அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பு, கத்தியது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில்: எந்தச் சென்சார் கத்தியது?

வெளியில் வாங்கிப் பொருத்தும் அலாரங்களில் பெரும்பாலானவை இதைத் தாமே சொல்கின்றன. அலாரம் அடித்த பிறகு ரிமோட்டில் திறந்தால், டேஷ்போர்டில் உள்ள சிறு விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் மினுக்கி நிற்கும், மறுபடி அதே எண்ணிக்கையில் மினுக்கும். இரண்டு முறை என்றால் ஒரு சென்சார், மூன்று என்றால் மற்றொன்று. எந்த எண்ணிக்கை எதற்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டின் அட்டவணையைப் பார்த்து, ரிமோட்டின் பின்புறம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். இக்னிஷனைப் போட்டால் பல மாடல்களில் இந்த நினைவு அழிந்துவிடும், ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும்.

கம்பெனியிலிருந்தே அலாரத்தோடு வந்த காரில் மினுக்கல் கணக்கு இல்லாமல் போகலாம். அவற்றில் பலவும் கடைசியாக அலாரத்தைத் தூண்டியது எது என்பதைக் கன்ட்ரோல் யூனிட்டில் சேமித்து வைக்கின்றன. அந்தக் காருக்கு உரிய ஸ்கேனரை மாட்டினால் 'பானெட்', 'உள் கண்காணிப்பு', 'சாய்வு' என்று பட்டியலாகப் படிக்கலாம். சர்வீசுக்கு விடும்போது 'அலாரம் அடிக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், இந்தப் பட்டியலைப் படித்துத் தரும்படி கேளுங்கள்.

இரண்டுமே இல்லாவிட்டால் நேரம், சூழல், கத்திய விதம் மூன்றையும் குறித்து வையுங்கள். கீழே உள்ள அறிகுறிகளோடு ஒப்பிட அந்தக் குறிப்பே போதும்.

அறிகுறி 1: பைக் கடந்தால் கீச்சிடுகிறது, பக்கத்துக் காரின் கதவைச் சாத்தினால் அலறுகிறது

இது அதிர்வு சென்சாரின் வேலை. பெரும்பாலான அதிர்வு சென்சார்களுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. லேசான தட்டுக்கு இரண்டு மூன்று கீச்சொலி மட்டும் வரும், பலமான அடிக்கு முழு சைரன் அடிக்கும். தட்டினால் கீச்சும் குத்தினால் சைரனும் வருவதுதான் சரியான நிலை. தட்டியதற்கே சைரன் அடித்தால்தான் பிரச்சினை.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இருப்பதில்லை, சென்சார் ஒட்டப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. அவசர வேலையாகப் பொருத்தும்போது ஸ்டியரிங்கின் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியில் டபுள் சைடு டேப்பால் ஒட்டிவிடுகிறார்கள். பைக் சைலன்சரின் கனத்த ஒலி காரின் கூரையையும் கண்ணாடியையும் பறைத்தோல் போல அசைக்கும். அந்த அசைவில் மெல்லிய பிளாஸ்டிக் மூடி இன்னும் அதிகமாக ஆடும், சென்சாரும் அதோடு ஆடும். ஆனால் கதவுச் சட்டத்தில் விழும் நிஜமான அடி அதே பிளாஸ்டிக்கில் மங்கிப்போய்த்தான் வந்து சேரும். கேட்க வேண்டியது மங்கலாகவும் கேட்க வேண்டாதது உரக்கவும் கேட்கிற இடம் அது. வெயிலில் டேப் இளகி ஒரு ஓரம் கழன்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எனவே இடத்தை மாற்றிவிட்டுத் திருகைத் தொடுங்கள். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் இரும்பு பிராக்கெட்டோ டேஷ்போர்டின் உள்ளே குறுக்காகப் போகும் கனமான இரும்புச் சட்டமோ நல்ல இடம். திருகுத் துளை இருந்தால் திருகால் பிடியுங்கள், இல்லையென்றால் இரண்டு கேபிள் டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, விரலால் அசைத்தாலும் அசையாதபடி இறுக்குங்கள். வயர் கட்டின் மேல் கட்டக் கூடாது, அதுவே ஊஞ்சல்போல ஆடும். மஞ்சள் உறை போட்ட வயர்களும் கனெக்டர்களும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றின் அருகே கட்டவோ இழுக்கவோ வேண்டாம்.

ஒரு காரை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்ப்போம். அடித்தளப் பார்க்கிங், ஏற்றப் பாதையை ஒட்டிய தூணோர இடம். மாலையில் மூன்று நான்கு முறை சைரன். மினுக்கல் கணக்கு அதிர்வு சென்சாரைக் காட்டுகிறது. மூடியைக் கழற்றினால், பிளாஸ்டிக்கின் உட்பக்கம் டேப்பில் பாதி தொங்குகிறது சென்சார்.

முதல் வேலை, திருகு இப்போது நிற்கும் திசையை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைப்பது. இந்தத் திருகுகள் பெரும்பாலும் முழுச் சுற்று சுற்றுவதில்லை, முக்கால் சுற்றில் முட்டி நிற்கும். அதற்கு மேல் அழுத்தினால் உள்ளே உடைந்துவிடும். சென்சாரை இரும்பு பிராக்கெட்டுக்கு மாற்றிக் கட்டியாயிற்று. இப்போது அதே அமைப்பில், அதே இடத்தில் நிறுத்திச் சோதிக்க வேண்டும். வேறு இடத்தில் சோதித்தால் பயனில்லை. ஏனென்றால் இங்கே பிரச்சினை கட்டடத்திலும் இருக்கிறது. ஏற்றப் பாதையின் தரை இணைப்பில் ஒவ்வொரு காரும் 'தடக்' என்று ஏறும், அந்த அதிர்வு கான்கிரீட் வழியாக டயருக்கு வரும். தாழ்ந்த கூரையில் ஒலியும் எதிரொலிக்கும்.

லாக் செய்து ஒரு நிமிடம் காத்திருங்கள், சென்சார்கள் அமைதியாக வேண்டும். பக்கத்துக் காரின் கதவை வழக்கமான வேகத்தில் ஒருவரைச் சாத்தச் சொல்லுங்கள், நம் காரில் படாமல். சைரனோ கீச்சோ வந்தால் திருகைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்றில் பாதி அளவு குறையுங்கள். பெரும்பாலான சென்சார்களில் அதுதான் குறைக்கும் திசை, ஆனாலும் சென்சாரின் உடலில் எழுதியிருக்கும் கூட்டல் கழித்தல் குறியைப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி லாக், மறுபடி ஒரு நிமிடம். இந்தக் காரில் இரண்டாவது குறைப்பிலேயே கதவுச் சத்தத்துக்குப் பதில் வருவது நின்றுவிடுகிறது, ஏற்றப் பாதையில் கனமான வண்டி ஏறும்போது மட்டும் ஒரு கீச்சு வருகிறது.

இத்தோடு நிறுத்தக் கூடாது. மறுபக்கச் சோதனைதான் முக்கியம். உள்ளங்கையால் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள தூணில் தட்டுங்கள், கீச்சு வர வேண்டும். மூடிய கையின் அடிப்பக்கத்தால் டயரின் பக்கவாட்டில் ஓங்கிக் குத்துங்கள், சைரன் வர வேண்டும். இதை நான்கு டயரிலும் செய்ய வேண்டும், சென்சார் ஒரு மூலையில் இருப்பதால் எதிர் மூலையில் காது மந்தமாகவே இருக்கும். பின் இடது டயரில் குத்தினால் கீச்சாவது வருகிறதா? வந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் அரைக் கால் சுற்றைத் திரும்பக் கூட்டுங்கள். கண்ணாடியில் குத்திச் சோதிக்கவே வேண்டாம்.

எவ்வளவு பொறுத்துப்போக வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. கார் அலாரங்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 116, ரப்பர் போன்ற மென்மையுள்ள, 165 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோளம் 4.5 ஜூல் வரையிலான ஆற்றலோடு உடலிலோ கண்ணாடியிலோ மோதினால் பொய் அலாரம் வரக் கூடாது என்கிறது. ஒரு கிலோ எடையை ஏறக்குறைய 46 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் வரும் ஆற்றல் அது. யாரோ இடுப்பால் இடித்துக்கொண்டு போவதும் பந்து வந்து படுவதும் அந்த எல்லைக்குள் வருபவை. அவற்றுக்கு முழு சைரன் அடிக்கும் அமைப்பு தேவைக்கு மேல் கூர்மையானது.

அறிகுறி 2: யாருமே இல்லை, நிறுத்திப் பத்து இருபது நிமிடத்தில் அலறுகிறது

வெயிலில் நின்ற கார், சற்றே இறக்கிவிட்ட ஜன்னல், கண்ணாடியில் ஊசலாடும் பொம்மை. இவற்றில் ஒன்று இருந்தால் முதல் சந்தேகம் உள் அசைவு சென்சாரில் ஒரு வகையான அல்ட்ராசோனிக் சென்சார் மீதுதான். முன் கண்ணாடியின் இரு ஓரத் தூண்களில் உள்ள சிறு குமிழ்களோ கூரை விளக்குப் பெட்டியில் உள்ள வலைத் துளைகளோ அதன் கண்கள்.

இது பொதுவாக 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் நமக்குக் கேட்காத ஒலியை விட்டு, திரும்பி வரும் எதிரொலியைப் பார்க்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் ஒன்பது மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே சில மில்லிமீட்டர் அசைவே எதிரொலியை மாற்றிவிடும். ஒலி போகும் பாதையே காற்றுதான் என்பதால், காற்று நகர்ந்தாலும் எதிரொலி மாறும். ஏசி நின்ற பிறகு சூடேறும் டேஷ்போர்டிலிருந்து வெப்பக்காற்று மேலெழுகிறது. ஜன்னல் இடைவெளி வழியாக அடுத்த கார் கடக்கும் காற்று உள்ளே வருகிறது. யாருமே இல்லாவிட்டாலும் காருக்குள் யாரோ இருப்பது போலத்தான் சென்சாருக்குத் தெரியும்.

சரிசெய்வது இந்த வரிசையில் எளிது. நான்கு ஜன்னல்களையும் கூரைத் திறப்பையும் முழுதாக மூடுங்கள். ஏசி காற்றுத் துளைகளை இறங்குமுன் அணையுங்கள். தொங்கும் பொருள்களையும் நழுவிச் சரியும் வெயில் தடுப்பு அட்டையையும் எடுத்துவிடுங்கள். அட்டை சூட்டில் வளைந்து திடீரென நகர்வதை எவரும் சந்தேகிப்பதில்லை, ஆனால் மதிய நேரத்து அலாரங்களில் அதற்கும் பங்கு உண்டு. சென்சாரின் வலைத் துளையை ஒரு மென்தூரிகையால் சுத்தம் செய்யுங்கள், சிறு சிலந்தி ஒன்று அதில் குடியிருந்தால் அது ஒலிக்கு மிக அருகில் நடமாடுகிறது. இதற்கு மேலும் கத்தினால்தான் கண்ட்ரோல் பெட்டியின் உணர்திறனைக் குறைக்கலாம்.

வெளியில் வாங்கிப் பொருத்திய குமிழ்கள் என்றால் திசையையும் பாருங்கள். இரண்டும் பின் கண்ணாடியின் நடுவை நோக்க வேண்டும், காற்றுத் துளைக்கு நேராகப் பார்க்கக் கூடாது. தூணின் மூடியில் துளையிட்டுத் திருகுவது ஆபத்து, பல கார்களில் அதன் உள்ளே திரை ஏர்பேக் சுருண்டிருக்கிறது. ஒட்டுவதே பாதுகாப்பு.

சோதிக்க ஒரு வழி: ஓட்டுநர் ஜன்னலைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் இறக்கி லாக் செய்து, ஒரு நிமிடம் கழித்துக் கையை மெல்ல உள்ளே விட்டு, ஸ்டியரிங்கின் மேல் அசையுங்கள். அலாரம் அடிக்க வேண்டும். கையை ஜன்னலுக்கு வெளியே ஆட்டினால் அடிக்கக் கூடாது. பிறகு ஜன்னலை மூடி, வெயிலில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். இரண்டிலும் தேறினால் அமைப்பு சரி.

அறிகுறி 3: தொடாமல் அருகில் நடந்தாலே கீச்சிடுகிறது

அல்ட்ராசோனிக் ஒலி மூடிய கண்ணாடியைத் தாண்டாது. எனவே கண்ணாடி மூடியிருந்தும், ஒருவர் கைபடாமல் நடந்ததற்கே அலாரம் பதில் சொன்னால், உள் அசைவைக் கவனிப்பது மைக்ரோவேவ் வகைச் சென்சார். இந்த அலை கண்ணாடி, துணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஊடுருவும், உலோகத்திலும் மனித உடலிலும் மோதித் திரும்பும். துணிக் கூரை உள்ள கார்களுக்கு இதுவே பொருத்தம், ஆனால் இரு கார்களுக்கு நடுவே ஒரு முழத்துக்குக் குறைவாக இடமிருக்கும் பார்க்கிங்கில் வழிப்போக்கர்கள் அத்தனை பேரையும் இது எண்ணும்.

சென்சாரை இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே, தாழ்வாக, ஜன்னல்களிலிருந்து எட்டியிருக்கும்படி வையுங்கள். ஒருவரை ஜன்னலிலிருந்து 30 செ.மீ. தள்ளி இரு பக்கமும் நடக்கச் சொல்லி, கீச்சு நிற்கும் வரை குறைத்துவாருங்கள். வெளி வட்டத்துக்கு ஒன்று, உள் வட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு திருகுகள் இருந்தால் வெளி வட்டத்தை மட்டும் குறையுங்கள். பின்னர் ஜன்னல் வழியே கைவிட்டு முழு அலாரம் வருவதை உறுதிசெய்யுங்கள். குறைக்க இடமே இல்லாமல் போனால், இந்த இடத்துக்கு அல்ட்ராசோனிக்தான் ஏற்றது.

அறிகுறி 4: இயந்திரப் பார்க்கிங்கில், படகில், அல்லது டயர் காற்று இறங்கிய பிறகு அலறுகிறது

சாய்வு சென்சார் லாக் செய்த சிறிது நேரத்தில் கார் நிற்கும் கோணத்தை நினைவில் வைக்கிறது. சரிவில் நிறுத்தினாலும் அதுவே அன்றைய நேர்கோடு. அந்தக் கோணத்திலிருந்து சிறிது விலகினால் கத்தும். ஒரு டிகிரி என்பது எவ்வளவு? முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2500 மி.மீ. உள்ள காரின் ஒரு முனையை ஏறத்தாழ 44 மி.மீ. தூக்கினால் ஒரு டிகிரி. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1500 மி.மீ. என்றால், ஒரு பக்கத்தை வெறும் 26 மி.மீ. தூக்கினாலே ஒரு டிகிரி. ஜாக்கி வைப்பவருக்கு இதைவிட அதிகம் தூக்க வேண்டும், எனவே இந்தச் சென்சார் உண்மையான இழுவை வண்டியையும் சக்கரத் திருட்டையும் பிடிக்கும். ஆனால் ஒருவர் பானெட்டில் சாய்ந்து 10 மி.மீ. அமிழ்த்தினால் கால் டிகிரிதான். அதற்குக் கத்துகிறதென்றால் சென்சாரின் பிடிப்புத் தளர்ந்திருக்கிறது அல்லது அமைப்பு மிகக் கூர்மை.

அடுக்கு மேடைகளில் ஏற்றியிறக்கும் பார்க்கிங்கிலும் வாகனப் படகிலும் கோணம் மாறத்தான் செய்யும். திருகைத் தொடாதீர்கள், அந்த ஒரு நிறுத்தத்துக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். பல கார்களில் கூரை விளக்கருகிலோ கதவுத் தூணிலோ, திரையின் செட்டிங்கிலோ இதற்கென்று பட்டன் உண்டு. வேறு சிலவற்றில் ரிமோட்டின் லாக் பட்டனை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் உள் அசைவும் சாய்வும் அணையும். அடுத்த முறை லாக் செய்யும்போது தாமாகவே உயிர் பெறும். இருமுறை அழுத்தினால் சில கார்களில் கதவின் உள் பூட்டும் தளரும், உள்ளிருந்து கைப்பிடியால் திறக்க முடியும். கையேட்டில் அதை உறுதிசெய்துகொண்டு பழகுங்கள். உள்ளே நாயையோ உறங்கும் ஆளையோ சிறிது நேரம் விட்டுச் செல்லும்போதும் இதே பட்டன்தான்.

லாக் செய்த அடுத்த நிமிடமே சாய்வு அலாரம் வந்தால், ஆட்கள் இறங்கியபின் சஸ்பென்ஷன் உயர்ந்து நிலைகொள்ளுமுன் கோணத்தை நினைவில் வைத்திருக்கலாம். எல்லோரும் இறங்கி, டிக்கியை மூடி, பத்து இருபது வினாடிகள் விட்டு லாக் செய்து பாருங்கள். மெல்லக் காற்று கசியும் டயரும் விடியற்காலையில் இதே அலாரத்தைத் தரும். அப்போது சென்சாரைத் திட்டாமல் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும்.

அறிகுறி 5: சூழலுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாமல், நள்ளிரவில்

இங்கே மூன்று சென்சார்களும் நிரபராதிகளாக இருக்கலாம். முதலில் பானெட் சுவிட்சைப் பாருங்கள். மழைநீரும் தூசியும் படும் இடத்தில் இருப்பதால் துருவேறி, பானெட் மூடியே இருந்தும் அவ்வப்போது திறந்ததாகக் காட்டும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து சுவிட்சின் இரு முனையிலும் தொட்டு, அமுக்கியும் விட்டும் பாருங்கள். ஒரு நிலையில் பூஜ்யத்தை ஒட்டிய அளவும் மறுநிலையில் முழுத் துண்டிப்பும் வர வேண்டும். இடையில் அலைந்தால் சுவிட்சை மாற்றுங்கள். பானெட் சற்று உயர்ந்து நின்று சுவிட்சை அரைகுறையாக மட்டும் அழுத்தினாலும் இதே கதைதான், ரப்பர் தாங்கிகளின் உயரத்தைச் சரிசெய்தால் போதும்.

அடுத்தது பேட்டரி. இரவில் சில மணி நேரம் நின்ற பிறகு, எதையும் போடாமல் வோல்டேஜை அளக்கவும். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் பேட்டரி களைத்திருக்கிறது. வோல்டேஜ் சரிவதைத் திருட்டாக எண்ணிக் கத்தும் அலாரங்கள் உண்டு.

கடைசியாக சைரன். சிலவற்றில் உள்ளேயே சிறு பேட்டரி இருக்கும். அது வயதாகிக் கசிந்தால், கார் தன் அலாரத்தைத் தொடங்காமலே சைரன் தனியாகக் கத்தும். இதற்கு நல்ல அடையாளம்: சத்தம் மட்டும் வரும், நான்கு இண்டிகேட்டர் விளக்குகளும் மினுக்காது. அந்தச் சைரனைக் கனெக்டரை உருவிச் சோதிக்காதீர்கள், திருடன் வயரை வெட்டுவதாக எண்ணிக் காதருகில் முழு ஒலியில் அலறும். கையேடு சொல்லும் முறையில் சாவியால் அடக்கியோ, சர்வீசில் அமைதி நிலைக்குக் கொண்டுவந்தோ கழற்றி, சைரனையே மாற்ற வேண்டும்.